குப்பைப் பைக்கு விலை வைத்தால் என்ன குறையும்? கோலாலம்பூர் வீடுகளுக்கான கேள்வி பதில்

எறியிற அளவுக்குத் தகுந்த காசுன்னு சொல்றாங்களே, அதை எப்படிக் கணக்குப் பண்ணுவாங்க?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழியில் நகராட்சி அச்சிட்ட பையைக் கடையில் வாங்க வேண்டும். அந்தப் பையில் கட்டிய குப்பையை மட்டும்தான் லாரி எடுக்கும், பையின் விலையிலேயே கட்டணம் அடங்கிவிடும். சொந்தப் பையில் கட்டி அதன்மேல் விலைவில்லை ஒட்டுவதும் இதே வகைதான். இரண்டாவது வழியில், ஒரு வீட்டுத் தொட்டி எத்தனை லிட்டர், மாதத்துக்கு எத்தனை தடவை அதை வெளியே வைக்கிறார்கள் என்று பார்த்துப் பில் போடுவார்கள். மூன்றாவது வழியில் எடை போடுவார்கள். தொட்டியில் ஒரு சில்லு இருக்கும், லாரி அதைத் தூக்கும்போது எடை பதிவாகிவிடும்.

பை முறைதான் உலகத்தில் அதிகம் பேசப்படுவது. தென்கொரியா 1995 ஜனவரி முதல் தேதி அதை நாடு முழுவதற்கும் கொண்டு வந்தது. தைப்பே 2000-இல் தொடங்கியது. ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1993 முதல் நடக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. லிட்டருக்கு விலை வைத்தால் மக்கள் லிட்டரைக் குறைப்பார்கள், கிலோவுக்கு வைத்தால் கிலோவைக் குறைப்பார்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

நாமதான் வருஷத்துக்கு ரெண்டு தடவை சுக்காய் பிந்து கட்டுறோமே, அதுக்கு மேல இது எதுக்கு?

அதற்கு மேல் வந்தால் நியாயம் இல்லை. இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். குப்பைச் செலவு இன்று மதிப்பீட்டு வரியிலும் அரசாங்கப் பணத்திலும் கலந்து கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு பை எறியும் தனி ஆள் வீடும், தொட்டி வழிய வழிய வைக்கும் பக்கத்து வீடும் ஒரே மாதிரிதான் கட்டுகின்றன. எறிவதைக் குறைத்தவருக்கு ஒரு சென்னும் மிச்சம் இல்லை.

தைப்பேயில் முன்பு குப்பைக் கட்டணத்தைத் தண்ணீர் பில்லோடு சேர்த்து வாங்கினார்கள். நிறையக் குளித்தவர் நிறையக் குப்பைக் காசு கட்ட வேண்டியிருந்தது! பை முறை வந்தபோது அந்தப் பழைய கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கே யாராவது இந்தத் திட்டத்தைப் பேச வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மதிப்பீட்டு வரியில் எவ்வளவு கழிப்பீர்கள்?

காசு வைச்சா உண்மையிலேயே குப்பை குறையுமா, இல்ல சும்மா சொல்றாங்களா?

குறையும். ஆனால் பைகள் குறைவதைப் பார்த்துவிட்டு குப்பையும் அதே அளவு குறைந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

இதைச் சரியாக அளந்து பார்த்த ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்ற ஊர். 1992 ஜூலையில் அங்கே ஒரு பைக்கு 80 அமெரிக்க சென் விலை வைத்தார்கள். ஒரு பை 32 கேலன், அதாவது ஏறக்குறைய நம் தாமான் வீடுகளுக்குக் கொடுத்திருக்கும் 120 லிட்டர் தொட்டி அளவு. ஃபுல்லர்டன், கின்னமன் என்ற இரண்டு பொருளியலாளர்கள், விலை வருவதற்கு முன்பும் வந்த பின்பும் 75 வீடுகளின் குப்பையை நேராகப் போய் எடை போட்டார்கள். மற்ற பல ஆய்வுகள் நகராட்சி தந்த கணக்கை வைத்துப் பேசியவை. இவர்கள் தராசோடு வாசலுக்கே போனார்கள்.

பைகளின் கொள்ளளவு 37 விழுக்காடு குறைந்திருந்தது. எடை குறைந்தது 14 விழுக்காடுதான். மறுசுழற்சிக்குப் போனது 16 விழுக்காடு கூடியிருந்தது. மக்கள் பையை மிதித்து, அழுத்தி, இறுக்கிக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். சியாட்டில் நகரில் இதே பழக்கம் முன்பே பேர் வாங்கியிருந்தது. குப்பை லாரி எப்படியும் குப்பையை நசுக்கித்தான் ஏற்றுகிறது. அதனால் வீட்டில் நாம் நசுக்குவதால் குப்பைமேட்டுக்கு ஒரு பயனும் இல்லை. புக்கிட் தாகாரில் போய்க் கொட்டும் டன் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

75 வீடுகள் என்பது சின்ன எண்ணிக்கை, அவர்களும் தாமாக முன்வந்து கலந்துகொண்டவர்கள். அதனால் இந்த விழுக்காடுகளை அப்படியே கோலாலம்பூருக்குத் தூக்கிவர முடியாது. பை வேகமாகக் குறையும், எடை மெதுவாகக் குறையும் என்ற போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்க வீட்டையே கணக்குல வைச்சுக் காட்டுங்களேன். எடை ஏன் குறைய மாட்டேங்குது?

சரி, செந்தூலில் ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொள்வோம். தாத்தா, அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் பையன், கைக்குழந்தை என்று ஐந்து பேர். வாரத்துக்கு 28 கிலோ குப்பை என்று வைத்துக்கொள்கிறேன். எதில் எவ்வளவு என்பதற்கு 2012-இல் மலேசியாவில் எடுத்த வீட்டுக் குப்பைக் கணக்கெடுப்பு ஓர் ஆதாரம். அதில் சாப்பாட்டுக் கழிவு 44.5 விழுக்காடு, பிளாஸ்டிக் 13.2, டயப்பர் 12.1, காகிதம் 8.5. அந்த விகிதத்தில் இந்த வீட்டுக்குப் பிரித்தால், சாப்பாட்டுக் கழிவு 12.5 கிலோ, பிளாஸ்டிக் 3.5, டயப்பர் 3.5, காகிதமும் அட்டையும் 2.5, மற்றதெல்லாம் 6 கிலோ.

இனி லிட்டரைப் பாருங்கள். இந்த லிட்டர் அளவுகள் என் மதிப்பீடு. வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் வரிசை மாறாது. சோறு, மீன் தலை, காய்கறித் தோல் எல்லாம் ஈரம், கனம். 12.5 கிலோ 25 லிட்டரில் அடங்கிவிடும். பிளாஸ்டிக் காற்று. அந்த 3.5 கிலோ பாட்டிலும் டப்பாவும் நசுக்காமல் போட்டால் 120 லிட்டர் இடம் பிடிக்கும். அட்டைப் பெட்டிகள் 35, டயப்பர் 20, மற்றது 40. மொத்தம் 240 லிட்டர். 20 லிட்டர் பை ஒன்றுக்கு 50 சென் விலை என்று வைத்தால் வாரத்துக்கு 12 பை, 6 வெள்ளி.

முதல் மாதமே அம்மா செய்வது என்ன? பாட்டிலை மிதிப்பார், பெட்டியை மடிப்பார். பிளாஸ்டிக் 40 லிட்டருக்கும் காகிதம் 20 லிட்டருக்கும் இறங்கிவிடும். மொத்தம் 145 லிட்டர், 8 பை, 4 வெள்ளி. ஒரே வாரத்தில் 2 வெள்ளி மிச்சம். எடை? அதே 28 கிலோ.

அடுத்து, பழைய பேப்பர் லாரிக்காக அட்டையையும் பாட்டிலையும் ஒதுக்கி வைப்பார். ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தெருவில் வரும் அந்த லாரி இப்போதும் வருகிறது, ஆனால் கூப்பிட்டு நிறுத்த இப்போது இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது. காகிதத்தில் 2 கிலோவும் பிளாஸ்டிக்கில் 1.5 கிலோவும் வெளியே போனால் சுமார் 33 லிட்டர் குறையும். மிச்சம் 112 லிட்டர், 6 பை, 3 வெள்ளி. பை பாதியாகிவிட்டது. எடையில் போனது 3.5 கிலோ, எட்டில் ஒரு பங்கு.

இப்போது சாப்பாட்டுக் கழிவுக்கு வருவோம். தாத்தா பின்பக்கம் ஒரு தொட்டி வைத்து, பாதிக் கழிவை, ஒரு 6 கிலோவை, உரமாக்குகிறார். நாற்றம் வராமல் காய்ந்த இலை போட்டு, கிளறி, ஈ அண்டாமல் பார்த்து வாரம் முழுக்க வேலை. எடையில் பார்த்தால் வீட்டில் யாரும் செய்யாத பெரிய குறைப்பு இதுதான். லிட்டரில் பார்த்தால் 12 தான். 6 பை 5 பை ஆகும், மிச்சம் 50 சென். பாட்டிலை மிதித்ததற்கு 2 வெள்ளி, உரம் செய்ததற்கு 50 சென். பை முறை எதற்கு எவ்வளவு பரிசு தருகிறது பாருங்கள்.

மலேசியக் குப்பைத் தொட்டியில் கனமானது சாப்பாடு. வெயிலில் அழுகி நாறுவதும், லாரியிலிருந்து கறுப்புத் தண்ணீராக ஒழுகுவதும், குப்பைமேட்டில் மீத்தேன் வாயுவாக மாறுவதும் அதுதான். பைக்கு மட்டும் விலை வைத்தால் அதைத் தொடுவதற்குக் காரணமே இருக்காது.

அப்போ சாப்பாட்டுக் குப்பைக்கு வேற வழி என்ன?

அதைத் தனியாகப் பிரித்து, எடை போட்டு, தனிக் கட்டணம் வாங்குவது. கொரியா அதைத்தான் செய்தது. 1995-இல் பை முறை வந்தது, 2005-இல் சாப்பாட்டுக் கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடை செய்தார்கள், 2013 வாக்கில் அளவுக்கேற்ற கட்டணம் சாப்பாட்டுக் கழிவுக்கும் பரவியது. அடுக்குமாடிகளின் கீழே ஒரு தானியங்கித் தொட்டி நிற்கும். வீட்டு அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டியதும் எத்தனை கிராம் என்று திரையில் காட்டி, அந்த வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

எடைக்குக் காசு என்றதும் மக்கள் முதலில் செய்வது தண்ணீரை வடிப்பது. சாப்பாட்டுக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். குழம்பையும் ரசத்தையும் பிழிந்து வடித்துவிட்டுக் கொட்டினாலே எடை நன்றாக இறங்கும். பாட்டிலை மிதிப்பதைப் போல இது வெற்று வேலை இல்லை, ஏனென்றால் ஈரம் குறைந்தால் உரமாக்குவதும் எளிது, லாரியில் ஒழுகுவதும் குறையும். ஆனால் எண்ணெயும் குழம்பும் சிங்க்கில் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் வடிகட்டியும், பழைய எண்ணெயைச் சேர்த்துக் கொடுக்கும் இடமும் இதோடு சேர்ந்து வர வேண்டும்.

அதற்கு அடுத்த மாற்றம்தான் பெரியது, அது மெதுவாக நடக்கும். கிராம் கணக்கைக் கண்ணால் பார்ப்பவர் அளந்து சமைக்கத் தொடங்குகிறார். எவ்வளவு சோறு மிஞ்சி வெளியே போகிறது என்பது நம் வீடுகளில் யாருக்கும் எண்ணாகத் தெரியாது.

காசு கட்டாம பின் லோரோங்ல வீசிட்டுப் போயிடுவாங்களே?

சிலர் வீசுவார்கள். சார்லட்ஸ்வில் ஆய்வில், குறைந்த குப்பையில் 28 விழுக்காடு வரை இப்படித் திருட்டுத்தனமாக வேறெங்கோ போயிருக்கலாம் என்று அந்த இருவரும் கணித்தார்கள். இது மதிப்பீடுதான், ஆனால் ஒதுக்கித் தள்ள முடியாத மதிப்பீடு.

இங்கே அது எங்கே போகும் என்று ஊகிக்கலாம். பாசார் மாலாம் தொட்டிகள், பெட்ரோல் நிலையத் தொட்டி, அலுவலகத் தொட்டி, கட்டட வேலை நடக்கும் இடத்து ரோரோ தொட்டி, ஆற்றோரம். சாப்பாட்டுக் கழிவு பின் லோரோங்கில் கிடந்தால் முதலில் வருவது எலி. டப்பாக்களில் மழைத்தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு. டெங்கி உள்ள ஊரில் இந்தக் கணக்கைத் தவறவிட முடியாது.

தடுக்க முடியாது என்று இல்லை. தைப்பேயில் தெருவில் தொட்டி வைப்பதையே தவிர்த்து, குறித்த நேரத்தில் லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், மக்கள் பையைக் கையில் எடுத்து வந்து அவர்களே வீசுவார்கள். யார் எந்தப் பையில் கொண்டுவருகிறார் என்று லாரி ஆளுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். மறுசுழற்சிப் பொருளை லாரி இலவசமாகவே எடுத்துக்கொள்ளும். அந்த இலவசம் முக்கியம்: காசில்லாத நேர்மையான வழி ஒன்று வாசலிலேயே இருந்தால் காசில்லாத திருட்டு வழியைத் தேடுபவர் குறைவார்.

விலையும் ஒரு கருவிதான். பை விலை மிக அதிகமானால் வீசுவதில் லாபம் கூடும். குறைவாகத் தொடங்கி, மறுசுழற்சி லாரி ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு ஏற்றுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

நாங்க பி.பி.ஆர் பிளாட்ல இருக்கோம். எல்லாரும் கீழ ஒரே இடத்துல போடுறோம். யாரு எவ்வளவு போட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்?

இந்தத் திட்டம் கோலாலம்பூரில் தடுக்கி விழக்கூடிய இடமே இதுதான். தரை வீட்டுக்குத் தொட்டி ஒன்று, முகவரி ஒன்று. அடுக்குமாடியில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு குப்பை அறை. மொத்தக் கட்டடத்துக்கும் எடை போட்டுப் பில் அனுப்பினால் அது பராமரிப்புக் கட்டணத்தில் சமமாகப் பிரிந்துவிடும். நான் குறைத்தால் அதன் லாபம் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்காகும், என் கைக்கு ஒன்றும் வராது. அப்புறம் யார் மெனக்கெடுவார்?

ஹாங்காங் இதில்தான் மாட்டிக்கொண்டது. பைக்குக் கட்டணம் வாங்கும் சட்டம் 2021-இல் நிறைவேறியது. தொடக்கத் தேதி தள்ளிக்கொண்டே போனது. 2024 ஏப்ரலில் 14 இடங்களில் சோதனை நடத்தி, மே கடைசியில் திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். அடுக்குமாடியில் இரவு யாரோ சாதாரணப் பையில் கட்டி வைத்துவிட்டுப் போனால், அதைத் திரும்பக் கொடுக்க ஆள் கிடையாது. அப்படியே விட்டால் நாறும். துப்புரவுத் தொழிலாளிதான் தன் தலையில் அதைச் சுமக்க வேண்டும். இங்கே அந்த வேலையைச் செய்பவர்களில் நம் அக்காமார்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பையைப் பிரித்து மாற்றிக் கட்டும் வேலையை அவர்களிடம் தள்ளும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

அடுக்குமாடிக்கு ஒத்துவருவது, வீட்டு அட்டையைக் காட்டித் திறக்கும் கொரியாவின் தொட்டிதான். கதவெண்ணோடு கணக்கு ஒட்டிக்கொள்கிறது, ஆளை வைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை. அதில் இருக்கும் சிக்கல் இயந்திரத்தின் விலையும் பழுதும். மின்தூக்கி பழுதாகி வாரக்கணக்கில் நிற்கும் பிளாட்டில் தானியங்கித் தொட்டியை மட்டும் யார் உடனே சரிசெய்வார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் அதை வாங்க வேண்டும்.

கைக்குழந்தை, படுத்த படுக்கையா உள்ள பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு அநியாயமா இருக்காதா?

எந்தச் சலுகையும் இல்லாமல் விட்டால் அநியாயம்தான். டயப்பரை அழுத்தவும் முடியாது, விற்கவும் முடியாது, குறைக்கச் சொல்லவும் முடியாது. ஸ்விட்சர்லாந்தில் சில உள்ளூராட்சிகள் குழந்தை பிறந்த வீட்டுக்கு இலவசப் பைகள் தருகின்றன. கொரியாவில் அரசு உதவி பெறும் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசப் பை உண்டு. பணமாகக் கழிப்பதைவிடக் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பை கொடுப்பது நல்லது. பை மிஞ்சினால் அவர்களுக்கே பயன்படும், அதனால் குறைக்கும் ஆசையும் போகாது.

பினாங்குல இது வேற மாதிரியா?

சட்டம் வேறு. கோலாலம்பூர் 672-ஆம் எண் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2015 செப்டம்பரில் தொடங்கிய கட்டாயக் குப்பைப் பிரிப்பும் அந்தச் சட்டத்தின்படிதான். பினாங்கு அதில் சேரவில்லை, அங்கே தீவிலும் பெருநிலத்திலும் உள்ள மாநகராட்சிகளே குப்பையைப் பார்த்துக்கொள்கின்றன. தீவின் குப்பை பத்து மாவுங்கில் ஏறி, கடல் வழியாகப் பூலாவ் புரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு படகுச் செலவு இருப்பதால், எடையைக் குறைப்பதன் லாபம் அங்கே இன்னும் தெளிவு.

பைக்குக் காசு என்பதும் பினாங்குக்காரர்களுக்குப் பழகியது. கடைப் பைக்கு 20 சென் என்று 2011-இலேயே எல்லா நாளுக்கும் வந்துவிட்டது. கடைப் பையைத்தான் பல வீடுகளில் குப்பைப் பையாகப் பயன்படுத்துகிறார்கள். கொரியாவில் பேரங்காடிக் கல்லாவிலேயே நகராட்சியின் குப்பைப் பையை ஒவ்வொன்றாக வாங்கி, சாமானை அதில் எடுத்து வந்து, பிறகு குப்பை கட்டலாம். இரண்டு பைக்குப் பதில் ஒரு பை.

எங்க தாமான்ல ஆறு மாசம் சோதிச்சுப் பார்க்கச் சொன்னா, வேலை செய்யுதான்னு எதை வைச்சுச் சொல்றது?

பை எண்ணிக்கையை வைத்துச் சொல்லாதீர்கள். அது எப்போதும் நல்ல செய்திதான் சொல்லும்.

தாமானுக்கு மட்டும் போகும் லாரியின் எடைச்சீட்டைக் கேளுங்கள். குப்பையைப் பெரிய லாரிக்கு மாற்றும் தாமான் பெரிங்கின் நிலையத்தில் நுழையும் லாரி எடைமேடையில் ஏறித்தான் போகிறது, ஆகவே அந்த எண் எங்கோ இருக்கிறது. திட்டம் தொடங்குவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே அதை எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. லாரி பாதியில் வேறு தாமான் குப்பையையும் ஏற்றினால் அந்தச் சீட்டுக்குப் பொருள் இல்லை, அதனால் தனி நடை கேட்க வேண்டும்.

அதோடு பின் லோரோங்கிலும் பக்கத்து மாமாக் கடைத் தொட்டியிலும் சேர்வதையும் எடை போடுங்கள். வீட்டுக் குப்பையில் 300 கிலோ குறைந்து லோரோங்கில் 200 கிலோ கூடினால் உண்மையான குறைப்பு 100 கிலோ. மறுசுழற்சித் தொட்டியையும் மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். அதில் டயப்பரும் சோறும் வரத் தொடங்கினால், காசு கட்டும் பையிலிருந்து குப்பை இலவசத் தொட்டிக்கு இடம் மாறியிருக்கிறது என்று பொருள். கடைசியாக, நாலைந்து பைகளை உடைத்துச் சாப்பாட்டுக் கழிவை மட்டும் எடை போடுங்கள். அந்த ஒரு எண் ஆறு மாதத்தில் நகரவே இல்லை என்றால், அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியது பை விலையை ஏற்றுவது பற்றி அல்ல, சாப்பாட்டுக் கழிவுக்குத் தனி எடை பற்றி.

தீபாவளி, கல்யாணம்னு வந்தா ஒரே நாள்ல பத்துப் பை சேருமே?

அதற்குப் பை கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் செலவு நியாயமானது என்றே சொல்வேன். தொட்டி முறையில் என்றால், தொட்டிக்கு வெளியே வைக்கும் ஒவ்வொரு கூடுதல் பைக்கும் ஒட்டும் வில்லையைத் தனியாக விற்பார்கள். விருந்துக்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு: சமையல்காரரிடம் மிஞ்சும் சாப்பாட்டுக்கும் எச்சில் இலைக்கும் தனித்தனித் தொட்டி வைக்கச் சொல்லுங்கள். வாழை இலையும் சோறும் பிளாஸ்டிக் டம்ளரோடு கலந்துவிட்டால் உரத்துக்கும் போகாது, பழைய பேப்பர் லாரியும் எடுக்காது. எல்லாம் காசு கொடுத்த பையில்தான் போகும்.